கோளம் நகர்ந்ததா?

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் எதிரே வந்தால் மேடம், முதுகைக் காட்டினால் மைக்ரான். இருபத்தோரு வருஷமாக இதே கதைதான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. ஒரு தலைமுடியின் பருமனே எழுபது மைக்ரான் தேறும். அத்தனை சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவள் என்று யாரோ கேலிக்காக வைத்த பெயர் அது. முதல்முறை காதில் விழுந்தபோது அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், உள்ளுக்குள் மகிழ்ந்துபோனாள் என்பதுதான் உண்மை.

அவளுடைய ராஜ்ஜியம் பன்னிரண்டு அடிக்குப் பதினாறு அடி. கண்ணாடி ஜன்னல் வைத்த அளவு அறை. நடுவில் கறுப்புக் கிரானைட் மேடை, அதன்மேல் பாலம் போல ஒரு சட்டம், சட்டத்திலிருந்து இறங்கும் ஒரு விரல். விரலின் நுனியில் மிளகு அளவுக்குச் சிவப்பு மணி. வெளியே எந்திரங்கள் கடைந்து அனுப்பும் இரும்பை அந்த மணி அங்கங்கே தொட்டுப் பார்த்து, துளை எவ்வளவு, எங்கே இருக்கிறது, நேராக இருக்கிறதா என்று கணக்குச் சொல்லும். அறையில் எந்நேரமும் இருபது டிகிரி. அதனால் வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அவள் கம்பளிச் சட்டையோடு பஸ் ஏறுவாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் காய்ச்சல்காரி என்று நினைத்துத் தள்ளி உட்காருவார்கள். அதிலும் அவளுக்கு லாபம்தான்.

வாசலில் ஒரு மிதியடி, ஒரு செருப்பு அலமாரி. மேனேஜரே ஆனாலும் காலில் இருப்பதைக் கழற்றாமல் உள்ளே வர முடியாது. மேனேஜருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, 'கையெழுத்து'. எதை நீட்டினாலும் படிக்காமல் போடுவார். அவள் நீட்டியதைப் படிக்காமல் போடுவதில் ஒரு நியாயமும் இருந்தது. இருபத்தோரு வருஷத்தில் அவள் கொடுத்த அளவு எதுவும் தப்பென்று திரும்பி வந்ததில்லை. அந்த விவரத்தை அவள் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். வாரத்துக்கு ஒருமுறை பேச்சோடு பேச்சாக வந்துவிடும், அவ்வளவுதான்.

காலையில் வந்ததும் முதல் வேலை, விரலுக்குப் பரீட்சை வைப்பது. கிரானைட் மேடையின் ஓரத்தில் உள்ள திருகுத் துளையில் ஒரு சாண் உயரத்தில் ஒரு தூண் நிற்கும். தூணின் தலையில் வெள்ளைப் பீங்கான் கோளம். அது சாதாரணப் பந்து இல்லை. அதன் விட்டம் எவ்வளவு என்று மைக்ரானிலும் பின்னம் வரை சான்றிதழோடு வந்தது. விரல் அந்தக் கோளத்தை மேலேயும் பக்கத்திலும் மாறி மாறித் தொடும். கோளத்தின் அளவு தெரியும் என்பதால், தன் நுனி மணி எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது என்பதை எந்திரம் கணக்குப் போட்டுக்கொள்ளும். விரல் கீழ்நோக்கி நிற்கும்போது ஒருமுறை, பக்கவாட்டில் மடங்கி நிற்கும்போது இன்னொருமுறை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே கோளத்தைத்தானே தொடுகிறது? அதனால்தான் மேலிருந்து தொட்டதும் பக்கத்திலிருந்து தொட்டதும் ஒரே கணக்கில் சேரும். கோளம் இடம் மாறிவிட்டால் கணக்கு இரண்டாகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் திரையில் ஒரு கேள்வி வரும்: கோளம் நகர்ந்ததா? ஆம், இல்லை.

அந்தக் கேள்விக்காகவே அவளுக்கு அந்த எந்திரத்தைப் பிடிக்கும். வீட்டில் அவள் கேட்கும் கேள்வியும் அதுதான்.

"இங்க இருந்த கத்தரிக்கோலை யார் நகர்த்தினது?"

"நீதாம்மா," என்பாள் மகள், தலையைத் தூக்காமலே.

கண்ணாடி, சாவி, துணி மாட்டும் கிளிப் எது காணாமல் போனாலும் விசாரணை உண்டு. தீர்ப்பு மகள்மேலோ கணவர்மேலோதான் விழும். கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். எதிர்வாதம் செய்தால் விசாரணை நீளும் என்று கண்டுகொண்டவர். "நானா இருக்கும்மா," என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். மகள்தான் ஒப்புக்கொள்ள மாட்டாள். அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை அன்று ஹால் டிக்கெட் காணாமல் போய், வீடே தலைகீழாகி, பிள்ளை தேம்பித் தேம்பி அழுது, கடைசியில் அது மைக்ரானின் கைப்பையில் அகப்பட்டது. 'நீதான் என் பையில கொண்டுவந்து வச்சிருக்கே' என்று அன்று சொன்னதை எட்டு வருஷமாக அவள் மாற்றவில்லை. மகளும் 'நீதாம்மா' என்பதை மாற்றவில்லை.

அந்த மகளுக்கு இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வேறு எங்கிருந்தோ வரவில்லை. அதே தொழிற்சாலையில், கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாலாவது எந்திரத்தில் வேலை செய்கிறவரின் மகன். பிள்ளைகள் இரண்டு பேரும் எல்லாவற்றையும் தாங்களே பேசி முடித்துவிட்டு, மரியாதைக்காகப் பெரியவர்களிடம் தெரிவித்தார்கள். பெரியவர்களும் மரியாதைக்காக இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள்.

அந்த நாலாவது எந்திரத்துக்காரருக்கு 'அரைவார்த்தை' என்று பெயர். வாக்கியத்தைத் தொடங்குவார், மீதியைக் கேட்கிறவர் முடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் கை பேசும். இருபத்தாறு வருஷமாக அவர் கடைந்த உருப்படி எதற்கும் சிவப்பு பெயின்ட் அடித்ததில்லை. அந்தத் தொழிற்சாலையில் கழித்துப்போடும் உருப்படிக்கு, தவறிப்போய் நல்லதோடு கலந்துவிடாமல் இருக்க, ஸ்டோர்க்காரர் டப்பாவோடு வந்து எல்லார் கண்ணுக்கும் முன்னால் சிவப்பு அடிப்பார். அதற்குப்பின் ஒரு வாரத்துக்குக் கேன்டீனில் வேறு பேச்சு இருக்காது.

இத்தனை வருஷம் அவள் அவரை அண்ணே என்றும், அவர் அவளை மேடம் என்றும் கூப்பிட்டு வந்தார்கள். கல்யாணம் முடிவான மறுநாளிலிருந்து இருவரும் சம்பந்தி ஆனார்கள். வேலை நேரத்தில், எண்ணெய் வாசனைக்கு நடுவில், "சம்பந்தி, இந்தப் போல்ட் கொஞ்சம்" என்று ஒருவர் கேட்க, "சம்பந்தி, முதல்ல அதைத் துடைங்க" என்று மற்றவர் சொல்ல, பக்கத்து எந்திரக்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

திங்கட்கிழமை அரைவார்த்தை ஒரு புது வேலை தொடங்கினார். பம்புக்கான இரும்புக் கூடு. மேலே ஒரு பெரிய துளை, பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை. இரண்டின் மையக் கோடுகளும் உள்ளே சந்திக்க வேண்டும். விலகல் ஐம்பது மைக்ரானைத் தாண்டக் கூடாது. முதல் உருப்படியை அவள் அளந்தாள். பதினொன்று. வெள்ளைச் சீட்டுக் கட்டி மாதிரிக்காகத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டு, மீதி இருபத்திரண்டையும் ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டாள். "சம்பந்தி கை சுத்தம்," என்று மேனேஜர் கையெழுத்திடமும் ஒரு வார்த்தை சொன்னாள்.

வியாழக்கிழமை காலை இருபத்திரண்டும் தயார். வெப்பம் அறையோடு ஒத்துப்போகட்டும் என்று ஐந்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அவள் விரலுக்குப் பரீட்சை வைத்தாள். கீழ்நோக்கிய விரல் சமர்த்தாகத் தேறிவிட்டது. பக்கவாட்டு விரலில் சிதறல், அதாவது தொடலுக்குத் தொடல் வரும் வித்தியாசம், ஒன்பது மைக்ரான் காட்டியது. அவளிடம் இரண்டுக்குமேல் வந்தால் அது அவமானம். குனிந்து பார்த்தாள். கோளத்தின் கீழ்ப்பக்கத்தில் லேசாக ஏதோ பிசுக்கு. இரவு ஷிப்டுக்காரன் தொட்டிருக்கிறான் என்று உடனே தீர்ப்பு எழுதினாள். நின்றபடி துடைத்தால் அடிப்பக்கம் சரியாக வராது என்று தூணோடு கழற்றி, ஸ்பிரிட் தொட்டுப் புதுத் துணியால் பளபளவென்று துடைத்து, அதே துளையில் அதே மாதிரி முறுக்கி நிறுத்தினாள். பக்கவாட்டு விரலை மட்டும் மறுபடி ஓட்டினாள். திரை கேட்டது: கோளம் நகர்ந்ததா?

இல்லை என்று தட்டினாள். தினமும் தட்டுவதுதானே. சிதறல் ஒன்றரைக்கு இறங்கியது. அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

முதல் கூடு, எழுபத்தொன்று. இரண்டாவது, அறுபத்தெட்டு. ஐந்தும் முடிந்தபோது ஒன்றுகூட ஐம்பதுக்குள் இல்லை. எல்லாம் ஒரே பக்கமாக விலகியிருந்தன.

ஒரு விஷயத்தை இங்கே ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். இது வேறு யாருடைய வேலையாக இருந்தாலும் அவள் மறுபடி ஒருமுறை ஏற்றிப் பார்த்திருப்பாள். சம்பந்தி வேலை என்பதால் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை அளந்தால் சம்பந்திக்குச் சலுகை என்று நாலு பேர் சொல்வார்கள். அவள் நேர்மையாக இருப்பதைவிட, நேர்மையாக இருப்பது வெளியே தெரிய வேண்டும் என்பதில் அன்று கொஞ்சம் அவசரப்பட்டாள்.

கதவைத் திறந்து கூப்பிட்டாள். "சார், கொஞ்சம் உள்ள வாங்க."

சம்பந்தி என்று வராமல் சார் என்று வந்ததும் நாலாவது எந்திரம் நின்றது. பக்கத்தில் ஐந்தாவதும் காது கொடுக்க நின்றது. அரைவார்த்தை பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"எழுபதா," என்றார்.

"அஞ்சும் அப்படித்தான். ஒரே பக்கம், கிட்டத்தட்ட ஒரே அளவு. திங்கக்கிழமை பதினொண்ணு இருந்துச்சு. நடுவுல ஏதோ நகர்ந்திருக்கு. பீஸைப் பிடிக்கிற பிக்சர்ல கை வச்சீங்களா?"

"இல்லையே."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. துடைக்கறதுக்குன்னு கழட்டி மாட்டியிருப்போம், நகர்ந்தது நமக்கே தெரியாது. சில பேருக்கு அப்படி ஆகும்."

அவர் கண்ணாடி வழியாகத் தன் எந்திரத்தைப் பார்த்தார். "பாத்துட்டு..." என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் கையெழுத்தின் காதுக்குப் போய், அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். "மேடம், எதுக்கும் இன்னொரு தடவை..."

"ஏன், சம்பந்திங்கறதுக்காகவா?"

அவர் வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டார். நாலு மணிக்குச் சிவப்பு என்று முடிவானது. ஸ்டோர்க்காரர் டப்பாவைக் குலுக்கி வைக்கப் போனார்.

பன்னிரண்டரைக்கு அரைவார்த்தை மறுபடி வந்தார். கையில் ஒரு துண்டுத் தாள். உருப்படியைப் பிடித்து நிறுத்தும் பிக்சரை நாலு இடத்தில் அசைவு காட்டும் டயல் வைத்துப் பார்த்து எழுதியிருந்தார். எதுவும் ஐந்து மைக்ரானுக்குமேல் அசையவில்லை.

"அப்ப என் மெஷின் பொய் சொல்லுதா?"

"அப்படி நான்..."

"பின்ன என்னதான் சொல்றீங்க?"

அவர் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசினார். "எனக்குத் தெரியல சம்பந்தி, என் பக்கம் எதுவும் நகரல, ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், சிவப்பு அடிக்கணும்னா அடிச்சிடுங்க."

வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டினார். கயிற்றைக் கட்டாமலே எழுந்து போய்விட்டார்.

மைக்ரான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். நான் என்ன தப்பு செய்துவிட்டேன், அளவு என்ன வருகிறதோ அதைத்தானே சொன்னேன் என்று தனக்குத் தானே வாதாடினாள். எதிரே யாரும் இல்லாத வாதத்திலும் அவளால் ஜெயிக்க முடியவில்லை. அலமாரியில் வெள்ளைச் சீட்டோடு திங்கட்கிழமைக் கூடு உட்கார்ந்திருந்தது. சரி, இதை ஏற்றிப் பார்ப்போம், பதினொன்று என்று வரும், நான் சொன்னது சரி என்று நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று அதை எடுத்து மேடையில் வைத்தாள்.

எழுபத்திரண்டு.

மூன்று நாளாக அலமாரியை விட்டு இறங்காத இரும்பு. அதை யாரும் தொடவில்லை. அதன் துளை தானாக நடந்து அறுபது மைக்ரான் தள்ளிப் போகவும் வழியில்லை. அவள் திரையை மறுபடி படித்தாள். முதலில், பழக்கதோஷத்தால், யார் நகர்த்தினது என்றுதான் மனம் போனது. இரவு ஷிப்டுக்காரன். கூட்டுகிற அம்மா. கையெழுத்து. ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்துவிட்டு, கடைசியில் புதுத் துணியும் ஸ்பிரிட்டுமாக நின்ற ஒரு பெண்மணியிடம் வந்து சேர்ந்தாள். கம்பளிச் சட்டை போட்டிருந்தவள்.

கீழ்நோக்கிய விரல் கோளத்தைப் பழைய இடத்தில் தொட்டது. பக்கவாட்டு விரல் தொடும்போது கோளம் புது இடத்தில் இருந்தது. எந்திரம் யோக்கியமாகக் கேட்டது. அவள் இல்லை என்றாள். அவள் சொல்லை நம்பி, நகர்ந்தது கோளமல்ல, விரல்தான் என்று அது கணக்கு எழுதிக்கொண்டது. மேல்துளையைக் கீழ்நோக்கிய விரலும் பக்கத் துளையைப் பக்கவாட்டு விரலும் அளந்ததில், கோளம் நகர்ந்த தூரம் முழுவதும் சம்பந்தியின் தலையில் போய் விழுந்தது. சிதறல் மட்டும் அழகாக ஒன்றரை. கோளம் உருண்டையாகத்தானே இருக்கிறது, எந்த இடத்தில் நின்றால் என்ன? ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் விரல் தொடும்போதே இடறித் தெரிந்திருக்கும். இந்த அளவு விலகல் சத்தம் போடாது.

தூணைக் கழற்றினாள். அடிப்பக்கத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். உட்காரும் விளிம்பில் அரை அங்குல நீளத்துக்கு ஒரு நூல் இழை, நசுங்கி ஒட்டிக்கொண்டு கிடந்தது. காலையில் துடைத்த புதுத் துணியின் இழை. அடியில் ஒரு பக்கம் அந்த இழை தூக்கிக் கொடுக்க, தூண் கண்ணுக்குத் தெரியாமல் சாய்ந்து, ஒரு சாண் உயரத்தில் உச்சிக் கோளம் ஒரு முடி அளவு தள்ளிப் போயிருக்கிறது. சுத்தம் சுத்தம் என்று உயிரை வாங்குகிறவளுக்குச் சுத்தமே குழி பறித்துவிட்டது.

மணி ஒன்றரை. கதவு சாத்தியிருக்கிறது. பார்த்தவர் யாரும் இல்லை. இழையை ஊதிவிட்டு, மறுபடி பரீட்சை வைத்து, மறுபடி அளந்து, 'சரியாக இருக்கிறது, அனுப்பலாம்' என்று ஒரு புதுத் தாளை நீட்டினால் கையெழுத்து படிக்காமல் போட்டுவிடுவார். அவளுக்கு அந்த யோசனை வரவில்லை என்று சொன்னால் அது அவளைப் புகழ்வதாகும், உண்மை ஆகாது. வந்தது. கால் நிமிஷம் நன்றாக உட்கார்ந்தும் இருந்தது.

ஆனால் அவளுக்குக் கணக்கு வரும். காலையில் எழுபது என்று கத்திவிட்டு மத்தியானம் பத்து என்றால் நாலாவது, ஐந்தாவது, ஆறாவது எந்திரங்கள் என்ன சொல்லும்? சம்பந்தி என்று பாஸ் போட்டுவிட்டாள் என்று சொல்லும். அந்த இருபத்திரண்டு கூடும் நல்லவை என்று ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். சிவப்பு அடிக்காத சிவப்பு அவர்மேல் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். அவர் பெயர் சுத்தமாக வேண்டுமென்றால் அவள் பெயரில் அழுக்குப் பட வேண்டும். இரண்டு பெயரையும் ஒன்றாகக் காப்பாற்ற வழியில்லை. அதை நினைத்தபோது அவளுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கத் துணியை எடுத்தவள், அது எந்தத் துணி என்று பார்த்துவிட்டுக் கம்பளிச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

இழையை ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டினாள். தூணையும் துளை விளிம்பையும் இழை விடாத தாளால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, நிறுத்தி முறுக்கினாள். திரை கேட்டது: கோளம் நகர்ந்ததா?

ஆம் என்று தட்டினாள். இருபத்தோரு வருஷத்தில் அவள் ஆம் தட்டாமல் இல்லை. ஆனால் இத்தனை நேரம் எடுத்துத் தட்டியதில்லை. முதலில் கீழ்நோக்கிய விரலைக் கையால் ஓட்டிப்போய் உச்சியில் ஒரு தொடல் தொட்டு, கோளம் இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தாள். அது முடிந்ததும் விரலின் மீதி எல்லாத் திசைகளையும், ஒன்று விடாமல், அதே நிலையில் ஓட்டினாள். திங்கட்கிழமைக் கூட்டை ஏற்றினாள். பதினொன்று. பிறகு அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக. பன்னிரண்டு, எட்டு, ஒன்பது, பதின்மூன்று, பத்து.

நாலு மணிக்கு ஸ்டோர்க்காரர் டப்பாவும் பிரஷுமாக வந்து நின்றார். வேடிக்கை பார்க்க இயல்பாகவே ஒரு கூட்டம். திடீரென்று எல்லாருக்கும் அந்தப் பக்கம் வேலை வந்துவிட்டது. அரைவார்த்தை தன் எந்திரத்தின் அருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கையெழுத்து பேனாவோடு வந்தார். மைக்ரான் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அறைக்குள் மட்டும் போடும் செருப்போடு எண்ணெய்த் தரையில் இறங்கியதை எல்லாரும் கவனித்தார்கள்.

"டப்பாவை மூடுங்க," என்றாள்.

"ஏன் மேடம்?"

"கூடு சரியா இருக்கு. அளந்தது தப்பு." இழை ஒட்டிய தாளைக் கையில் எடுத்தாள். "தப்பு என்னோடது. காலைல பந்தைக் கழட்டித் துடைச்சேன். திரும்ப மாட்டிட்டு, நகரலன்னு மெஷினுக்குச் சொல்லிட்டேன். நகர்ந்திருக்கு. திங்கக்கிழமை பீஸையே ஏத்திப் பாத்தேன், அதுவும் எழுபத்திரண்டு காட்டுச்சு. அடியில இது மாட்டியிருந்துச்சு." தாளை நீட்டினாள்.

கூட்டம் அந்த இழையைப் பார்க்க எட்டிப் பார்த்தது. பாதிப் பேருக்குக் கண்ணுக்கே தெரியவில்லை.

கையெழுத்து வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு ரிப்போர்ட்டையும் படித்தார். காலை ரிப்போர்ட்டின் அடியில் அவள் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: 'காலை அளவு செல்லாது. கோளம் நகர்ந்தது. நகர்த்தியது நான்.' அவர் படித்து முடித்துவிட்டு, "இதுலயும் நான் போடணுமா?" என்று கேட்டார்.

"முதல்ல மீதிப் பதினேழையும் நாளைக்கு அளந்துடறேன். இவர் வேலைல ஒண்ணு விடாம அளந்ததுன்னு இருக்கணும். அப்புறம் போடுங்க."

பிறகு அரைவார்த்தையின் பக்கம் திரும்பினாள். மத்தியானத்திலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் வரும் வழியில் எங்கோ விழுந்துவிட்டன. "உங்களைப் போய்... கழட்டி மாட்டியிருப்பீங்கன்னு..." என்றாள். அவரைப் போலவே பாதியில் நின்றாள்.

அவர் தரையைப் பார்த்தார், கூடுகளைப் பார்த்தார். உதட்டோரம் லேசாகத் துடித்தது. "சில பேருக்கு..." என்றார்.

காலையில் அவள் சொன்னதுதான். முதலில் சிரித்தது ஐந்தாவது எந்திரம். அப்புறம் கூட்டம் முழுவதும். கடைசியில் அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிட்டாள். அவர் அந்த இழை ஒட்டிய தாளைக் கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அது எதுக்கு சம்பந்தி?"

"உங்க வீட்டுச் சீர்னு எதுவும் வேணாம்னு சொல்லியிருந்தேன்ல. இது போதும்."

நாலாவது எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. போகிற போக்கில் ஸ்டோர்க்காரர் மட்டும், குலுக்கிய பெயின்ட் வீணாகப் போகிறதே என்று தன் ஸ்டூலுக்கு அடித்துக்கொண்டார்.

மைக்ரான் வீட்டுக்கு வந்தபோது மகள் கல்யாணத்துக்கு வாங்கிய துணிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விஷயம் மாப்பிள்ளை வழியாகப் போனில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு அடங்கமாட்டாமல் நின்றது. கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தார்.

"அம்மா, விலைச்சீட்டு வெட்டணும். கத்தரிக்கோல் பாத்தியா?"

வீடு காத்திருந்தது. மைக்ரான் கைப்பையை மேசையில் வைத்தாள். "நான்தான் எங்கயாவது நகர்த்தியிருப்பேன். தேடித் தரேன்."

செய்தித்தாள் கீழே இறங்கியது. மகள் எழுந்துவந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் எல்லாம் இல்ல." அவள் மகளின் கையை எடுத்து, விடாமல் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரத்துக்குப் பின் இந்தக் கை இந்த வீட்டில் இருக்காது என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. "அந்த ஹால் டிக்கெட்டு."

"எந்த ஹால் டிக்கெட்டு?"

"பத்தாவதுல. பத்திரமா இருக்கட்டும்னு முந்தின நாள் நான்தான் எடுத்து என் பையில வச்சேன். காலைல மறந்துபோச்சு. உன்னை அவ்வளவு அழ வச்சிட்டேன். அப்புறம் ஞாபகம் வந்தும் சொல்லல."

மகளின் சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கிப்போனது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அழுத அதே பிள்ளை முகம் ஒரு நொடி வந்துபோனது. அம்மாவின் கம்பளிச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மூக்கடைத்த குரல் உள்ளேயிருந்து வந்தது. "தொழிற்சாலைல எழுதிக் குடுத்தியாமே. எனக்கும் அதே மாதிரி எழுதிக் குடு. சிவப்பு மையில."

மைக்ரான் மேசை இழுப்பறையைத் திறந்தாள். சிவப்புப் பேனாவுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் இருந்தது.